துருக்கறை தெரியாத நிறம்: இரும்புக் கேட், சன்னல் கிரில்களுக்கு வண்ணம் பூசுவது குறித்த கேள்வி பதில்கள்

சென்னையின் கடலோரப் பகுதிகளில் வீடுகளுக்கு வண்ணம் பூசும் வேலையைப் பல ஆண்டுகளாக எடுத்துச் செய்து வருகிறேன். சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்று மாதக்கணக்கில் யோசிப்பவர்கள்கூட கேட்டுக்கும் கிரில்லுக்கும் வரும்போது கடையில் இருக்கிற டின்னை வாங்கிவிடுகிறார்கள். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் தொலைபேசியில் அழைத்துக் கேட்பவையே கீழே உள்ள கேள்விகள். உப்புக்காற்று வீசும் இடத்தை மனத்தில் வைத்துத்தான் பதில் எழுதியிருக்கிறேன். மதுரை, கோவை போன்ற உள்நாட்டு ஊர்களில் துரு இவ்வளவு வேகமாகப் பிடிக்காது என்றாலும் நிறத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் அங்கும் பொருந்தும்.

துருக்கறை வழிந்தாலும் கண்ணுக்குத் தெரியாத நிறம் எது?

சிவப்புச் சாயல் கலந்த பழுப்பு. செங்கல் நிறத்துக்கும் சாக்லேட் நிறத்துக்கும் இடைப்பட்ட எந்த நிறத்தையும் தேர்ந்தெடுக்கலாம்.

துருவின் நிறம் ஒன்றல்ல என்பதைக் கவனித்தால் இதன் காரணம் புரியும். இரும்பின் மேலேயே கெட்டியாகப் படிந்திருக்கும் துரு கருஞ்சிவப்பாக இருக்கும். மழைநீர் அந்த இடத்திலிருந்து சிறிதளவு இரும்பைக் கரைத்துக்கொண்டு இறங்கும்போது நீருக்கு நிறமே இருக்காது. கீழே வழிந்து காய்கிற இடத்தில் காற்றுப் பட்ட பிறகுதான் அது மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த கறையாக மாறுகிறது. ஆகவே நாம் மறைக்க வேண்டியவை இரண்டு: தோன்றிய இடத்தில் கருஞ்சிவப்புப் புள்ளி, அதற்குக் கீழே மஞ்சள் பழுப்புக் கோடு. இவ்விரண்டும் அடங்கிப்போகும் நிறம் சிவந்த பழுப்பு மட்டுமே. இந்தப் பழுப்புகளுக்கும் ரெட் ஆக்ஸைடு நிறத்துக்கும் பெரும்பாலும் இரும்பு ஆக்ஸைடையேதான் நிறமியாகச் சேர்க்கிறார்கள். துருவும் அதே குடும்பத்துப் பொருள்தான். இதனால் இன்னொரு நன்மையும் உண்டு: இந்த நிறமிகள் வெயிலில் வெளுப்பதில்லை. பளிச்சென்ற சிவப்போ மெரூனோ தெற்கு வெயிலில் சில ஆண்டுகளில் மங்கிவிடும்; ஆக்ஸைடு சிவப்பு அப்படியே நிற்கும்.

நிற அட்டையைப் பார்த்துக் குழம்புகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி மிக எளிது. ஒரு வெள்ளைத் துணியை ஈரமாக்கி, உங்கள் கேட்டில் துருப்பிடித்த இடத்தில் அழுத்தித் துடையுங்கள். துணியில் ஒட்டிய கறைதான் உங்கள் வீட்டுத் துருவின் வழிசல் நிறம். அந்தத் துணியைக் கடைக்கு எடுத்துச் சென்று அட்டையின் பழுப்பு வரிசையில் வைத்துப் பாருங்கள். கறைக்கு ஒன்றிரண்டு படி அடர்த்தியான நிறத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். உலக அளவில் பயன்படும் ஆர்.ஏ.எல். எண்ணில் கேட்கும் கடைகளில் 8017 என்றால் சாக்லேட் பழுப்பும், 3009 என்றால் ஆக்ஸைடு சிவப்பும் கிடைக்கும். இவ்விரண்டுக்கும் நடுவில் நீங்கள் தேடுவது இருக்கும்.

கருப்பு அடித்தால் எந்த அழுக்கும் தெரியாது என்கிறார்களே?

எனக்கு உடன்பாடில்லை. புகைக்கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் கருப்பில் தெரியாது என்பது உண்மைதான். துருக்கறையோ மஞ்சள் கலந்த வெளிர் நிறம். பளபளப்பான கருப்புக் கம்பியில் அது விரல் கீறியதுபோலத் தனியாகத் தெரியும். தெருப்புழுதியும் காய்ந்த உப்பும் வெள்ளை வெள்ளையாகப் படிவது வேறு. மேற்கு பார்த்த கேட் என்றால் மாலையில் கைவைக்க முடியாத அளவு கருப்பு சூடேறும்.

இருந்தாலும் கருப்பு மோசமான நிறமல்ல, நடுத்தரமானது. மோசமானவை வேறு: வெள்ளை, தந்த நிறம், வெளிர்ச் சாம்பல், பழைய பாணி அலுமினிய வெள்ளிப் பூச்சு, எல்லாவற்றையும்விட நீலம். வண்ணச் சக்கரத்தில் நீலத்துக்கு நேர் எதிரே இருப்பது ஆரஞ்சு. எதிரெதிர் நிறங்கள் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் என்பதால் நீலக் கிரில்லில் ஓர் அங்குலக் கறைகூடத் தெருவிலிருந்தே தெரியும். கரும்பச்சை இவற்றுக்கு நடுவே ஓரளவு தாங்கும்.

எங்கள் வீடு வெள்ளையும் சாம்பலுமாகப் புதுமாதிரியில் கட்டியது. பழுப்புக் கேட் பழைய வீடுபோல ஆகிவிடாதா?

இந்த அச்சம் நியாயமானதே. ஆனால் பழுப்பு என்றாலே அரசாங்கக் குடியிருப்புகளில் பார்த்த தட்டையான பழுப்பு என்று நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சாம்பலில் இரண்டு வகை உண்டு. நீலச் சாயல் கொண்ட குளிர்ந்த சாம்பல் ஒன்று. மண் சாயல் கொண்ட, காபித்தூளைச் சிறிது கலந்தது போன்ற சாம்பல் இன்னொன்று. இப்போது பரவலாகக் கேட்கப்படுகிற அடர்சாம்பல் முதல் வகையைச் சேர்ந்தது. துருவுக்கு அது ஏறக்குறைய நீலத்தைப் போலவே எதிரி. உங்கள் வீட்டுக்கு இரண்டாம் வகையில் மிக அடர்த்தியான ஒன்றைக் கேளுங்கள். தொலைவில் அது கரும்சாம்பலாகத்தான் தெரியும்; அருகில் வந்தால் பழுப்பின் கதகதப்பு இருக்கும்; துரு அதற்குள் அடங்கிவிடும். நிறம் கலக்கும் இயந்திரம் வைத்திருக்கும் எந்தக் கடையிலும் இதைக் கலந்து தருவார்கள். கலந்த நிறத்தின் எண் டின் மேல் ஒட்டப்பட்டிருக்கும். அதைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திருத்தப்பூச்சுக்கு வேண்டும்.

பாலேடு நிறச் சுவர், சந்தன நிறச் சுவர் என்றால் யோசிக்கவே வேண்டியதில்லை. சாக்லேட் பழுப்பு அங்கே இயல்பாகப் பொருந்தும். நம் ஊரில் இந்தச் சுவர் நிறங்களே அதிகம் என்பதால் பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே விடை. சீமை ஓடு வேய்ந்த வீடு, சிவப்புச் சிமெண்டுத் திண்ணை, செங்கல் பதித்த முகப்பு ஆகியவை இருந்தால் அந்தச் சிவப்பைக் கேட்டிலும் எதிரொலிக்கலாம். ஆனால் ஓட்டின் நிறத்தை அப்படியே எடுக்காமல் அதைவிட ஒரு படி கருமையாக எடுப்பது நல்லது. இளம்பச்சை, இளநீலச் சுவர்கள்தாம் சிக்கல். அங்கே சிவந்த பழுப்பு சற்றுத் துருத்திக்கொண்டு நிற்கும். ஏறக்குறையக் கருப்பு என்று சொல்லத்தக்க காபிக் கொட்டை நிறத்துக்குப் போய்விடுங்கள்.

தேக்குச் சட்டத்துக்குள் இருக்கும் கிரில்லுக்கு மரத்தின் நிறத்தையே அடிக்க முயலாதீர்கள். வார்னிஷ் மரமும் எனாமல் இரும்பும் ஒருநாளும் ஒத்துப்போவதில்லை. போலி மரம் போலத் தோன்றும். மரத்தைவிடத் தெளிவாகக் கருமையாக இருந்தால் கம்பி பின்னுக்குப் போய் மரம் முன்னால் தெரியும்.

கேட்டுக்கும் கிரில்லுக்கும் ஒரே நிறம்தான் அடிக்க வேண்டுமா?

கட்டாயமில்லை, ஆனால் ஒரே குடும்பத்து நிறமாக இருக்கட்டும். மெல்லிய கம்பிகள் கொண்ட கிரில்லில் எந்த நிறமும் உண்மையில் இருப்பதைவிடக் கருமையாகத் தெரியும். தகடு அடித்த கேட்டில் அதே நிறம் வெளிறித் தெரியும். ஆகவே கேட்டுக்கு அரைப்படி கருமை கூட்டினால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கேட் உச்சியில் இருக்கும் வேல்முனைகளுக்குப் பொன்நிறம் அடிக்கலாமா என்றும் கேட்பார்கள். பொன்நிறம் கருத்தாலும் துருப்பிடித்தாலும் பித்தளை பழையதானது போலத்தான் தெரியும் என்பதால், எனக்கு அது பிடிக்காவிட்டாலும் எதிர்ப்பு இல்லை.

போன வருடம்தான் பெயிண்ட் அடித்தோம். அதற்குள் கறை வழிகிறது. பெயிண்ட் போலியா?

பெரும்பாலும் பெயிண்டின் மேல் தவறு இருக்காது. கறைக் கோட்டைக் கீழிருந்து மேலாகக் கண்ணால் பின்தொடர்ந்து பாருங்கள். அது சமதளமான கம்பியின் நடுவில் தொடங்குவது அரிது. மூன்று இடங்களில் ஏதாவது ஒன்றில்தான் போய் முடியும்.

முதலாவது, கம்பியும் பட்டையும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிடும் இடம். அங்கே இரண்டு புள்ளிகளில் மட்டும் வெல்டிங் வைத்திருப்பார்கள்; நடுவில் முடி அளவு இடைவெளி இருக்கும். பிரஷ் அதற்குள் போகாது, தண்ணீர் போகும். போன தண்ணீர் வெளியே காய்ந்த பிறகும் உள்ளே நாள்கணக்கில் தங்கியிருக்கும். இரண்டாவது, வெல்டிங்கின் ஓரம். வெல்டிங் வைக்கும்போது தெறித்த சிறு உருண்டைகளும், அதன் மேல் படிந்த கசடும் தட்டி எடுக்கப்படாமல் இருந்தால் பெயிண்ட் இரும்பில் அல்லாமல் அந்தக் கசடில் ஒட்டியிருக்கும். கசடு உதிரும்போது பெயிண்டும் சேர்ந்து உதிரும். மூன்றாவது, கூரான விளிம்புகள். ஈரமான பெயிண்ட் விளிம்பில் நிற்காமல் இருபக்கமும் விலகிவிடும். சதுரக் கம்பியின் நான்கு முகங்களிலும் கெட்டியாக இருக்கும் பூச்சு, நான்கு விளிம்புகளிலும் மெல்லிய படலமாகத்தான் இருக்கும்.

தாழ்ப்பாள் வழுக்கும் இடமும் கீல்களும் தனிக் கதை. அங்கே எந்தப் பூச்சும் நிற்காது, உராய்ந்து போய்விடும். அந்த இடங்களில் பெயிண்டை நம்பாமல் கிரீஸ் தடவி வைப்பதே சரி.

துருவின் மேலேயே பழுப்பு அடித்துவிட்டால் என்ன? எப்படியும் தெரியப்போவதில்லையே.

தெரியப்போவதில்லைதான், 6 மாதத்துக்கு. உதிரும் துருவின் மேல் பூசிய பெயிண்ட் அந்தத் துருவோடு சேர்ந்து செதிலாகக் கழன்று விழும். நிறம் கறையை மறைக்கும். இரும்பு கரைவதை நிறுத்தாது. எனவே பழுப்பைத் தேர்ந்தெடுத்தவரும் அடிவேலையை முழுமையாகச் செய்யத்தான் வேண்டும். அண்மையில் திருவான்மியூரில் செய்த ஒரு வேலையை அப்படியே விவரிக்கிறேன்.

பாலேடு நிறச் சுவர் கொண்ட மாடி வீடு. கேட் 10 அடி அகலம், 5 அடி உயரம், இரட்டைக் கதவு. கீழ்ப்பாதி தகடு, மேல்பாதி கம்பி. சன்னல் கிரில்கள் 6, ஒவ்வொன்றும் 4 அடிக்கு 4 அடி. முன்பு அடித்திருந்தது வெளிர்ச் சாம்பல். ஒவ்வொரு குறுக்குச் சந்திப்பிலிருந்தும் கண்ணீர் வழிந்தது போலப் பழுப்புக் கோடு.

முதல் நாள் முழுவதும் சுரண்டல்தான். தூக்கிக்கொண்டிருந்த பெயிண்டைச் சுரண்டித் தகட்டால் எடுத்து, கம்பி பிரஷால் தேய்த்து, வெல்டிங் கசடைச் சுத்தியலால் தட்டினோம். உறுதியாக ஒட்டியிருந்த பழைய பெயிண்டை எடுக்கவில்லை. அதன் ஓரங்களை மட்டும் 80 எண் எமரித்தாளால் சரிவாகத் தேய்த்தோம். கேட்டின் அடிச்சட்டம் பாக்ஸ் பைப். அதைத் தட்டிப் பார்த்தபோது நடுவில் கணீரென்றும் மூலையில் மொத்தென்றும் கேட்டது. மூலையில் அடிப்பக்கமாக 6 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டதும் தேநீர் நிறத்தில் தண்ணீர் கொட்டத் தொடங்கி, நிற்பதற்குச் சில நிமிடங்கள் ஆயின. மேலே எங்கோ வெல்டிங் இடைவெளி வழியாக மழைநீர் இறங்கி, போக வழியில்லாமல் உள்ளேயே தேங்கியிருந்தது. இப்படிப்பட்ட கேட்டுக்கு வெளியில் எத்தனை கோட் அடித்தாலும் பயனில்லை, உள்ளிருந்துதான் அரிக்கும். ஒவ்வொரு கதவின் அடிச்சட்டத்திலும் இரு முனைகளிலும் துளை போட்டு, அவை அடைபடாமல் விட்டோம்.

அன்று மாலை எல்லாவற்றையும் நல்ல தண்ணீரால் கழுவினோம். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கடலோரத்தில் துருவின் குழிகளுக்குள் உப்பு இருக்கிறது. அது பெயிண்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் ஈரத்தை இழுத்துக் கொப்புளம் எழுப்பும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் அதை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

இரண்டாம் நாள் வெயில் ஏறி நன்றாகக் காய்ந்தபின் மறுபடி 120 எண் தாளால் தேய்த்து, தின்னரில் நனைத்த துணியால் துடைத்தோம். குழிகளுக்குள் இன்னும் சிவப்பாக இருந்த இடங்களில் மட்டும் டானின் கலந்த துருமாற்றி திரவத்தைச் சிறு பிரஷால் தொட்டு வைத்தோம். துரு அதோடு வினைபுரிந்து சிறிது நேரத்தில் நீலக்கருப்பாக மாறும். அந்தக் கருமை வந்தால் வேலை செய்கிறது என்று பொருள். துருவே இல்லாத பளபளப்பான இரும்பில் அதைப் பூசுவதால் பயனில்லை. ஓர் இரவு முழுக்கக் காயவிட்டோம்.

மூன்றாம் நாள் காலையில் ரெட் ஆக்ஸைடு பிரைமர். முதலில் முழுப்பரப்பிலும் அடிக்காமல், விளிம்புகளிலும் வெல்டிங்குகளிலும் குறுக்குச் சந்திப்புகளிலும் மட்டும் சிறு பிரஷால் ஒரு முறை. அது இறுகிய பின் முழுப்பரப்பிலும் இன்னொரு முறை. சந்திப்பு இடைவெளிகளுக்குள் சற்று நீர்த்த பிரைமர் ஊறி இறங்கும்படி பிரஷ் முனையால் குத்திக் குத்தி விட்டோம். பிரைமர் காய்ந்த பின் அந்த இடைவெளிகளைப் பெயிண்ட் ஏற்கும் பாலியூரத்தேன் சீலண்டால் அடைத்தோம். சிலிக்கான் சீலண்ட் வாங்கிவிடாதீர்கள். அதன் மேல் பெயிண்ட் ஒட்டாது.

நான்காம் நாள் தகட்டின் குழிகளுக்குப் பட்டி பார்த்துத் தேய்த்து, அந்த இடங்களில் மட்டும் பிரைமர் தொட்டு, காய்ந்தபின் சாக்லேட் பழுப்பு எனாமலில் முதல் கோட். ஐந்தாம் நாள் மெல்லிய தாளால் லேசாகத் தேய்த்து இரண்டாம் கோட். ஒரே தடித்த கோட்டைவிட இரண்டு மெல்லிய கோட்டுகளே நிற்கும். தடித்தது மேலே தோல்கட்டி உள்ளே ஈரமாகவே இருந்து, பின் சுருங்கும்.

அளவைச் சொல்லிவிடுகிறேன். தகட்டை இருபக்கமும் கணக்கிட வேண்டும். கம்பிப் பகுதியை முழுச் சதுரமாக ஒரு முகம் மட்டும் கணக்கிட்டால், எல்லாப் பக்கமும் பூசுவதும் பிரஷில் சிந்துவதும் அதற்குள் அடங்கிவிடும். கேட்டின் தகடு 25 சதுர அடி இருபக்கமும் சேர்ந்து 50, கம்பி 25, கிரில்கள் 96. மொத்தம் 171 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 16 சதுர மீட்டர். 1 லிட்டர் எனாமல் ஒரு கோட்டுக்கு 10 சதுர மீட்டர் வரும் என்று கொண்டால் இரண்டு கோட்டுக்கு 3.2 லிட்டர். 4 லிட்டர் டின் ஒன்று வாங்கியதில் திருத்தப்பூச்சுக்கும் கொஞ்சம் மிஞ்சியது. பிரைமர் 2 லிட்டர் போதுமானதாக இருந்தது.

பட்டறைக்காரர் ரெட் ஆக்ஸைடு அடித்துத்தான் கேட்டைக் கொடுத்தார். அதன் மேலேயே எனாமல் அடிக்கலாமா?

எத்தனை நாள் ஆயிற்று என்பதைப் பொறுத்தது. பிரைமர் நுண்துளைகள் நிறைந்தது. மேல்பூச்சு இல்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்பதற்கு உரியதன்று. கட்டட வேலை முடியட்டும் என்று மாதக்கணக்கில் விட்டிருந்தால் அதற்கு அடியிலேயே துரு ஓடியிருக்கும். அதன் நிறமும் துருவின் நிறமும் ஒன்றாக இருப்பதால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. என் சொந்த வீட்டிலேயே இந்தத் தவறைச் செய்தேன். பட்டறையிலிருந்து வந்த கிரில்களை ஒரு மழைக்காலம் முழுக்க மொட்டைமாடியில் சாய்த்து வைத்துவிட்டு, தையில் நேராக எனாமல் அடித்தேன். அடுத்த ஐப்பசியில் கையளவு செதில்கள் விழுந்தன. ஒட்டுப்பட்டையை அழுத்தி ஒட்டிச் சட்டென்று பிய்த்துப் பாருங்கள். பட்டையில் பிரைமர் வந்தால் எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துப் புதிதாகத் தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

பொங்கலுக்கு முன் அடித்துவிடலாமா?

வழக்கம் அப்படித்தான் இருக்கிறது, இரும்புக்கு அது ஒவ்வாத வழக்கம். சுவருக்கு வெள்ளையடிக்கிற ஆளை வைத்தே மார்கழியில் கேட்டையும் முடித்துவிடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய இரும்பு அப்போது முழுதாகக் காய்ந்திருக்காது. மாலையில் அடித்த எனாமல் மேல் இரவுப் பனி இறங்கினால் பளபளப்பு போய்ப் பால் படிந்தது போல வெளிறும். பழுப்பு போன்ற அடர்நிறங்களில் இந்த வெளிறல் நன்றாகத் தெரியும். மாசி, பங்குனி மாதங்களே சிறந்தவை. அப்போதும் காலை 9 மணிக்குமேல் பனி காய்ந்த பிறகு தொடங்கி, மதியம் 3 மணிக்குள் பிரஷைக் கீழே வைத்துவிட வேண்டும். சித்திரை வெயிலில் இரும்பு சுடும்போது அடித்தால் பெயிண்ட் பரவுவதற்குள் காய்ந்து பிரஷ் கோடுகள் நின்றுவிடும். நிழல் விழும் பக்கமாக மாறி மாறி அடிக்கலாம்.

கிரில்லில் கறை தெரியவில்லை, ஆனால் சன்னலுக்குக் கீழே சுவரில் நீளமாக வழிந்திருக்கிறது. என்ன செய்வது?

இதைக் கிரில்லின் நிறத்தால் தீர்க்க முடியாது. சன்னல் படிக்கல் வெளிப்பக்கமாகச் சரிந்து, சுவரைவிட ஓர் அங்குலமாவது நீட்டிக்கொண்டு, அடியில் ஒரு நீர்வெட்டுக் கோடும் இருந்தால் தண்ணீர் சுவரைத் தொடாமல் சொட்டிவிடும். இருக்கிற படியில் இது இல்லையென்றால், கருமையான கிரானைட் பட்டை ஒன்றை மேலே பதித்து அடியில் காடி வெட்டச் சொல்லலாம். படியின் முன்முகத்தைக் கிரில்லின் நிறத்திலேயே பூசுவது இன்னொரு தந்திரம். வழிசலின் முதல் சில அங்குலங்கள் அதில் மறையும்.

ஏற்கெனவே விழுந்த கறைக்கு ஆக்ஸாலிக் அமிலத் தூளை வெந்நீரில் கரைத்து, கையுறை அணிந்து, ஓரத்தில் சிறிது சோதித்துப் பார்த்தபின் துணியால் ஒற்றி வைத்துக் கழுவலாம். எலுமிச்சைச் சாறும் இலேசான கறைக்குப் போதும். பளிங்கின் மேல் இரண்டுமே படக்கூடாது, மெருகு போய்விடும். பிளீச்சிங் பவுடரைத் தூவுவோர் பலர்; அது இரும்புக் கறையைக் கரைக்காது, இன்னும் அழுத்தமாக்கும். குளியலறைக்கு வாங்கும் ஆசிட்டை ஊற்றினால் கறை போகும், ஆனால் அதன் ஆவியும் தெறிப்பும் கிரில்லையே புதிதாகத் துருப்பிடிக்க வைக்கும்.

தாத்தா காலத்துக் கேட். பல கோட் பெயிண்ட் இருக்கிறது. தேய்க்கலாமா?

உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய மஞ்சள், பச்சை, சிவப்பு எனாமல்களிலும் செந்தூர நிறத்துப் பழைய பிரைமரிலும் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாளைப் பயன்படுத்துங்கள், முகக்கவசம் அணியுங்கள், கீழே தார்ப்பாய் விரித்துத் தூளைச் சேர்த்து எடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். ஊதுவிளக்கால் சுட்டு எடுப்பது இன்னும் ஆபத்தானது.

எங்கள் கேட் ஜி.ஐ. பைப். எனாமல் உரிந்து உரிந்து வருகிறது.

ஜி.ஐ. என்பது துத்தநாகம் பூசிய இரும்பு. துத்தநாகத்தின் மேல் நேரடியாக அடித்த எனாமல், நாளடைவில் அதோடு வினைபுரிந்து பிடிப்பை இழக்கும். ஜி.ஐ.க்கென்றே விற்கும் எட்ச் பிரைமர் ஒரு மெல்லிய கோட் அடித்த பின்னரே மற்றவை.

பளபளப்பா, மங்கலா?

புதிய கேட்டுக்குப் பளபளப்பு. தண்ணீர் நிற்காமல் ஓடும், புழுதி துடைத்தால் போகும். குழி விழுந்த பழைய கேட்டுக்கு அரைப் பளபளப்பு, ஏனென்றால் முழுப் பளபளப்பு ஒவ்வொரு குழியையும் கண்ணாடிபோலக் காட்டிக்கொடுக்கும். முழு மங்கலை வெளிப்புற இரும்புக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

பழுப்பு எல்லாவற்றையும் மறைத்துவிட்டால், உள்ளே துரு வந்தது எப்படித் தெரியும்?

இந்த நிறத்தின் குறை அதுதான். வெள்ளைக் கிரில் துருவை அன்றே காட்டிக்கொடுக்கும். பழுப்பு நிறம், கம்பி பாதி கரைந்த பிறகும் வாய் திறக்காது. ஆகவே பார்ப்பதற்குப் பதில் தொட்டுப் பார்க்க வேண்டும். புரட்டாசியில், மழை தொடங்கும் முன், ஈரமான வெள்ளைத் துணியால் எல்லாச் சந்திப்புகளையும் அடிச்சட்டத்தையும் ஒரு முறை துடையுங்கள். துணியில் வெறும் கரி படிந்தால் நல்லது. ஆரஞ்சு படிந்தால் அந்த இடத்தில் சாக்பீஸால் குறியிடுங்கள். விரலால் தடவும்போது அம்மைக் கொப்புளம்போல மேடு தட்டுப்பட்டால் அதை நகத்தால் கிள்ளிப் பாருங்கள், அடியில் ஈரமான துரு இருக்கும். அடிச்சட்டத் துளைகளில் ஒரு கம்பியை விட்டு அடைப்பை எடுங்கள்.

குறியிட்ட இடங்களை மட்டும் தேய்த்து, பிரைமர் தொட்டு, மிஞ்சிய எனாமலை அடித்தால் ஒரு காலை நேர வேலைதான். அந்த மிச்சத்தைப் பெரிய டின்னிலேயே விட்டால் தோல்கட்டிவிடும். கழுத்துவரை நிறையும்படி சிறிய கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றி, மூடி மேல் நிற எண்ணையும் தேதியையும் எழுதி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.